பள்ளிச் சேர்ந்திசைப் பதிவை மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது சவுண்ட் இன்ஜினியருக்கு என்ன எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளின் பாட்டைப் பதிவு செய்துவிட்டு, அதை மிக்ஸிங்குக்கு அனுப்பும் நேரத்தில் இசை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இவை. விளக்கம் எளிதாக இருக்க ஒரே எடுத்துக்காட்டை எல்லாப் பதிலிலும் வைத்திருக்கிறோம்: பள்ளி ஹாலில் 36 பிள்ளைகள், நான்கு நிமிடப் பாட்டு, ஐந்து மைக் தடங்கள், நான்கு டேக், அதாவது முழுப் பாட்டையும் நான்கு முறை பாடிப் பதிவு செய்தது.

ஃபைலை அனுப்பி "நல்லா மிக்ஸ் பண்ணிக் குடுங்க சார்"னு சொன்னா போதாதா? அவருக்குத் தெரியாததா?

தொழில் அவருக்குத் தெரியும். உங்கள் பாட்டு தெரியாது. எந்த டேக்கை நீங்கள் மனத்தில் வைத்திருக்கிறீர்கள், யார் மெட்டைப் பாடுகிறார்கள், யார் இரண்டாம் குரல், கடைசிப் பல்லவியில் வேகம் தளர்வது வேண்டுமென்றே செய்ததா தவறா, இதை எங்கே ஒலிக்கவிடப் போகிறீர்கள் என்பதெல்லாம் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் ஃபைலிலிருந்து தெரியாது.

சொல்லாமல் விட்டால் அவர் தனக்குப் பழகிய வழியில் போவார். தினமும் திரைப்பாட்டும் விளம்பரமும் மிக்ஸ் செய்பவராக இருந்தால், தனிக்குரலை முன்னால் இழுத்து, பிள்ளைகளைப் பின்னணிக் கோரஸ் போலத் தள்ளி வைத்து, மேலே ரிவர்ப் என்னும் செயற்கை எதிரொலியை நிறையப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. இது பிள்ளைகளின் பாட்டு, கோரஸ்தான் இங்கே கதாநாயகன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அப்போ மெயில்ல என்னென்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்.

> பொருள்: பள்ளிச் சேர்ந்திசை மிக்ஸிங், ஒரு பாட்டு (4 நிமிடம்), ஆகஸ்ட் 8க்குள் தேவை
>
> வணக்கம் சார்,
>
> 5 முதல் 7ஆம் வகுப்பு வரை 36 பிள்ளைகள் பாடிய பாட்டு. மைக் பக்கமிருந்து பார்த்தால் இடது பக்கம் 22 பேர் மெட்டு, வலது பக்கம் 14 பேர் இரண்டாம் குரல். கீபோர்டும் தபலாவும் கூடவே வாசித்தது. சுருதி 5 கட்டை. கிளிக் டிராக் இல்லை, தபலாவைக் கேட்டுத்தான் பாடினார்கள்.
>
> டேக் 3 அடிப்படை. இரண்டாம் சரணம் மட்டும் டேக் 4இலிருந்து வேண்டும் (டேக் 3இல் 1:52–2:38, டேக் 4இல் அதே இடம் 1:55–2:41). டேக் 3இல் அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் விழுந்திருக்கிறது.
>
> எல்லாவற்றுக்கும் முன்னால் சொற்கள் புரிய வேண்டும். தொடக்கத்தில் தனிக்குரல் (0:31 வரை) முன்னால் இருக்கட்டும். 0:31இல் எல்லாரும் சேர்ந்ததும் அந்தக் குரல் கூட்டத்துக்குள் போய்விட வேண்டும். இரண்டாம் குரல் 2:38க்குப் பிறகு தெளிவாகக் கேட்க வேண்டும், அதற்கு முன் லேசாக இருந்தால் போதும்.
>
> மாற்ற வேண்டாதவை: வரிகளுக்கு நடுவே பிள்ளைகள் மூச்செடுக்கும் ஒலி, 3:20இல் வேகம் தளர்வது.
>
> ஆண்டு விழாவில் மைதான ஸ்பீக்கரில் ஒலிக்கும், பிறகு யூடியூபில் ஏற்றுவோம். பதிவு செய்த வடிவத்திலேயே ஸ்டீரியோ WAV ஒன்றும், கேட்டுப் பார்க்க MP3 ஒன்றும் வேண்டும். ஃபைல்களின் இணைப்பு, மைக் வைத்த இடத்தின் படம், பாட்டு வரிகள் கீழே உள்ளன.
>
> இதில் எது முடியாது என்று தோன்றினாலும் தொடங்கும் முன் சொல்லுங்கள் சார்.

இதற்கு மேல் நீளம் தேவையில்லை. பாட்டு வரிகளைத் தனிப் பக்கமாக இணைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே டேக் 3இன் நேரத்தைக் குறித்துவிடுங்கள். தமிழ் தெரியாத இன்ஜினியர் என்றால் வரிகளை ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். எங்கே சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவரால் வெட்டி ஒட்ட முடியாது.

எந்த ஃபைலை அனுப்பணும்? MP3யா மாத்தினா மெயில்லயே போயிடுமே?

பதிவுக் கருவியிலிருந்து வந்த WAV ஃபைல்களை அப்படியே அனுப்புங்கள். MP3 ஆக்கும்போது காதுக்கு அதிகம் தெரியாத நுண்ணொலிகள் கழிக்கப்படுகின்றன. மிக்ஸிங்கில் ஒலியை உயர்த்தி, கூர்மையை மாற்றும்போது அந்தக் கழிவு வெளியே தெரிய ஆரம்பிக்கும். "ச", "ஸ" வரும் இடங்களில் சலசலப்பாகக் கேட்கும். பிறகு WAV ஆக மாற்றினாலும் போனது திரும்பாது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவானால் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்.பி. ஐந்து தடம், நான்கு நிமிடம் என்றால் ஒரு டேக்குக்குச் சுமார் 173 எம்.பி. ஜிமெயில் இணைப்பின் வரம்பு 25 எம்.பி.தான், ஆகவே கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் ஏற்றி, அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுமதி கொடுத்து, இணைப்பை அனுப்புங்கள். அனுமதி கொடுக்க மறந்து அனுப்பிவிட்டு, அவர் பார்க்கவில்லை என்று இரண்டு நாள் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அனுமதி கொடுக்காத இன்னொரு கணக்கிலிருந்து திறந்து பார்த்தால், மற்றவர்களுக்கு இணைப்பு திறக்காது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே டேக்கின் ஐந்து தடங்களும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். தனிக்குரல் மைக்கில் முதல் அரை நிமிடம் தவிர ஒன்றும் இல்லையே என்று அந்தத் தடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பெயர் இப்படி இருந்தால் போதும்:

```
T3_Main_L.wav
T3_Main_R.wav
T3_Solo.wav
T3_Keys.wav
T3_Tabla.wav
```

பாடிய பிள்ளையின் பெயரை ஃபைல் பெயரில் போடாதீர்கள். ஃபைல்கள் பல கைகளுக்குப் போகும்.

நாலு டேக்கையும் அனுப்பிட்டு அவரையே நல்லதா ஒண்ணு எடுத்துக்கச் சொல்லலாமா?

அனுப்பலாம், ஆனால் தேர்வு உங்களுடையது. எந்த டேக்கில் பிள்ளைகள் பொருள் உணர்ந்து பாடினார்கள், எதில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்பது சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் சட்டென்று பிடிபடும். ஒரு டேக்கை அடிப்படையாக வைத்து, அதில் கெட்ட இடங்களுக்கு மட்டும் வேறு டேக்கைச் சொல்லுங்கள். மேலே மாதிரி மெயிலில் இரண்டு டேக்கின் நேரமும் தனித்தனியாக இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு பதிவும் பாட்டுக்கு முன் வெவ்வேறு இடைவெளியோடு தொடங்குவதால், "1:52இல் மாற்றவும்" என்று மட்டும் எழுதினால் இன்னொரு டேக்கில் அது வரியின் நடுவில் போய் நிற்கும்.

ஒட்டுப் போட ஏற்ற இடம், வரி முடிந்து எல்லாரும் மூச்செடுக்கும் இடம். நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் நடுவில் 36 குரல்களை மாற்றினால் கூட்டத்தின் நிறமே அந்த நொடியில் மாறுவது கேட்கும். அனுப்பும் முன் நீங்களே இரண்டு விஷயங்களைச் சோதித்துவிடலாம். இரண்டு டேக்கிலும் அந்தச் சரணத்தின் நீளம் என்ன? எடுத்துக்காட்டில் இரண்டிலும் 46 நொடி, ஆகவே பொருந்தும். 46க்கும் 43க்கும் ஒட்டினால் பாட்டு திடீரென்று ஓடுவது போலிருக்கும். இரண்டாவது சுருதி. கீபோர்டு கூடவே வாசித்தால் பெரிதாக விலகாது. துணை இல்லாமல் பாடிய பகுதிகளில் பிள்ளைகள் மெல்ல இறங்குவார்கள், ஒவ்வொரு டேக்கிலும் வேறு அளவுக்கு. ஒட்டும் இடத்தில் கீபோர்டில் "ச" ஸ்வரத்தைப் பிடித்துப் பாருங்கள், படி இறங்கினால் உடனே தெரியும்.

"தேன் மாதிரி இருக்கணும்", "ஸ்டுடியோ தரத்துல வேணும்"னு எழுதினா அவருக்குப் புரியாதா?

ஒவ்வொருவர் தேனும் வேறு. ஒருவருக்கு அது கூர்மை குறைந்த ஒலி, இன்னொருவருக்கு நிறைய ரிவர்ப். எது கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது என்று எழுதுங்கள்: "முதல் வரிசை கிட்டத்தில் கேட்கிறது, பின் வரிசை ஹாலுக்கு வெளியே நிற்பது போல இருக்கிறது, ஒரே கூட்டமாகக் கேட்க வேண்டும்." இதிலிருந்து செய்ய வேண்டிய வேலை அவருக்குத் தெரிந்துவிடும். "2 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் ஏற்றுங்கள்" என்ற வகைக் குறிப்பு வேண்டாம். குறையைச் சொல்லுங்கள், மருந்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மாதிரிக்கு ஒரு பதிவை அனுப்புவது மிகவும் உதவும். ஒரு நிபந்தனை: அதுவும் பிள்ளைகள் ஹாலில் சேர்ந்து பாடியதாக இருக்கட்டும். ஸ்டுடியோவில் எட்டுத் தொழில்முறைப் பாடகர்களை அடுக்கடுக்காகப் பாடவைத்துச் செய்த கோரஸை மாதிரியாகக் கொடுத்தால் உங்கள் பதிவு எவ்வளவு உழைத்தாலும் அந்த இடத்துக்குப் போகாது. அந்த மாதிரியில் உங்களுக்குப் பிடித்தது எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொற்களின் தெளிவா, இரண்டு பக்கமும் விரிந்து கேட்பதா, தபலா பின்னால் இருப்பதா?

ஒரு பையன் குரல் மட்டும் தூக்கலா கேக்குது. அவனை மட்டும் குறைக்கச் சொல்லலாமா?

அவன் குரலுக்குத் தனித் தடம் கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு மெயின் மைக்கில் 36 குரலும் ஒன்றாகக் கலந்துதான் பதிவாகியிருக்கிறது. அவனைக் குறைத்தால் சுற்றி நிற்பவர்களும் குறைவார்கள்.

ஆனாலும் எழுதுங்கள், அவன் நின்ற இடத்தோடு. "முதல் வரிசை, இடது ஓரம், 0:58இலும் 2:50இலும் அதிகம்" என்றால் அந்த வரிகளில் இடது மைக்கைக் கொஞ்சம் இறக்கியோ, அவன் குரல் குத்தும் ஒலிப்பகுதியை அந்தச் சொல்லில் மட்டும் தணித்தோ பாதிக் குறையைச் சரிசெய்வார். மீதிக்கு வழி வேறு டேக்தான். நான்கில் ஒன்றிலாவது அவன் அந்த வரியை அடக்கிப் பாடியிருந்தால் மேலே சொன்னபடி அந்த வரியை மாற்றிக்கொள்ளலாம்.

சுருதி விலகுற இடத்துல ஆட்டோடியூன் போட்டா சரியாயிடாதா?

அந்த வகை மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு குரலைப் பின்தொடர்ந்து திருத்தும். ஒரே ஸ்வரத்தை 22 பேர் பாடும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் மேலும் கீழுமாகத்தான் பாடுகிறார்கள். கூட்டக் குரலின் அழகே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. எந்தக் குரலைப் பிடிப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாமல், கீபோர்டில் கோரஸ் ஒலியை வாசித்தது போன்ற ஒன்று கிடைக்கும். முழு வரியும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அந்த வரியைக் கொஞ்சம் மேலே தூக்கலாம். கீபோர்டு கூடவே அதே மைக்கில் பதிந்திருந்தால் அதுவும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால் அந்த வழியும் எப்போதும் திறந்திருக்காது.

தனிக்குரலில் செய்யலாம் என்றுதான் தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல். அந்தப் பிள்ளையின் குரல் மெயின் மைக்குகளிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தனி மைக்கில் திருத்தினால், திருத்திய குரலும் திருத்தாத குரலும் ஒன்றாகக் கேட்டு, இரண்டு பேர் பாடுவது போல உரசும். தனிக்குரல் வரும் இடத்தில் மெயின் மைக்கை நன்றாக இறக்கினால்தான் திருத்தம் எடுபடும். மெயிலில் "0:22இல் அந்த ஸ்வரம் இறங்குகிறது, இயன்றால் திருத்தவும், இயற்கை கெட்டால் விட்டுவிடவும்" என்று எழுதுவதே போதும்.

ஃபேன் சத்தமும் 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சலும் இருக்கு. அதை எடுத்துடுவாரா?

'ம்ம்ம்' என்று மாறாமல் ஒலிப்பது பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50, 100, 150 என்று குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கும், அந்த இடங்களை மட்டும் மெல்லியதாகச் செதுக்கிவிடலாம். சீலிங் ஃபேன் அப்படி இல்லை. காற்றிரைச்சல் பிள்ளைகளின் குரல் இருக்கும் இடமெங்கும் பரவியிருக்கும். ஃபேன் சுற்றும் வேகத்துக்கு லேசாக ஏறி இறங்கவும் செய்யும்.

அதைக் குறைக்க, யாரும் பாடாமல் ஹால் மட்டும் ஒலித்த 30 நொடி மாதிரி அவருக்குத் தேவை. அதே மைக், அதே இடம், அதே ஃபேன் வேகம். மென்பொருள் அதைக் கேட்டு, எது இரைச்சல் என்று கற்றுக்கொண்டு கழிக்கும். தனியாக எடுக்கவில்லை என்றால் டேக் தொடங்கும் முன் எல்லாரும் அமைதியாக நின்ற சில நொடிகளின் நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். இதனாலும் தொடக்கத்தை வெட்டாமல் அனுப்ப வேண்டும்.

முழுவதையும் எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அதிகம் கழித்தால் நீருக்குள்ளிருந்து பாடுவது போலாகும், வரிகளின் கடைசி எழுத்து கரைந்து போகும். "குரல் கெடாத அளவுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். அமைதியான இடங்களில் லேசான இரைச்சல் இருப்பதைக் கேட்பவர் சில நொடியில் மறந்துவிடுவார், கெட்டுப்போன குரலை மறக்க மாட்டார்.

ஹால்ல எக்கோ ஜாஸ்தி. அதுவும் போயிடுமா?

கொஞ்சம் குறையும், போகாது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலின் எதிரொலி ஒவ்வொரு சொல்லோடும் பின்னிக்கிடக்கிறது. இப்படிப்பட்ட பதிவுக்கு "ரிவர்ப் சேர்க்க வேண்டாம், தனிக்குரல் மைக்குக்கு மட்டும் ஹாலோடு ஒட்டும் அளவுக்குப் போடுங்கள்" என்று எழுதுங்கள். தனி மைக் வாய்க்கருகே இருந்ததால் அது மட்டும் வேறு அறையில் பாடியது போலக் கேட்கும், அதற்குத்தான் இந்தக் கொஞ்சம்.

மைக் எங்க வெச்சோம்னு அவருக்கு எதுக்கு?

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். தனிக்குரல் மைக்கைவிட மெயின் மைக் 3.5 மீட்டர் தள்ளி இருந்தால், அதே குரல் அங்கே சுமார் 10 மில்லிநொடி தாமதமாகச் சேரும். இரண்டையும் அப்படியே கலந்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல உள்ளீடற்றுப் போகலாம். தூரம் தெரிந்தால் தனி மைக்கை அதே அளவு பின்னுக்கு நகர்த்தி ஒத்துப்போகச் செய்வார். காதாலும் கண்டுபிடிப்பார், ஆனால் நேரம் எடுக்கும்.

தாளில் கையால் வரைந்த படம் போதும்: மூன்று வரிசை, மெட்டு எந்தப் பக்கம், இரண்டாம் குரல் எந்தப் பக்கம், ஒவ்வொரு மைக்கும் எத்தனை மீட்டர் தூரம், எவ்வளவு உயரம். இடது, வலது என்பது மைக் பக்கமிருந்தா மேடையிலிருந்தா என்று கட்டாயம் எழுதுங்கள்.

வீட்ல ஹெட்ஃபோன்ல பிரமாதமா இருந்துச்சு, மைதானத்துல போட்டா இரண்டாம் குரலையே காணோம். ஏன்?

மைதான ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோவில் ஓடும். இடதும் வலதும் ஒன்றாகக் கலக்கும்போது, இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்த ஒலிகளில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்ஃபோனில் வலது காதில் தனியாகத் தெரிந்த 14 பேர், மோனோவில் 22 பேரோடு ஒரே புள்ளியில் நிற்க வேண்டியிருக்கிறது. கூம்பு ஸ்பீக்கர் என்றால் தபலாவின் அடிநாதமும் போய்விடும்.

அதனால் எங்கே ஒலிக்கும் என்பதை முதல் மெயிலிலேயே சொல்லுங்கள். மைதானத்துக்கு, மோனோவில் சோதித்த, மெல்லிய இடங்களைக் கொஞ்சம் உயர்த்திய இன்னொரு வடிவம் கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். யூடியூபுக்கு "சத்தமாக வேண்டும்" என்று கேட்பதில் பயனில்லை: LUFS என்ற சத்த அளவையில் சுமார் -14க்கு மேல் போனால் யூடியூபே இறக்கிவிடும். இழந்த ஏற்ற இறக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

கரோக்கியை ஸ்பீக்கர்ல போட்டு, அதோட சேர்த்துப் பாடவெச்சுப் பதிவு பண்ணிட்டோம். இப்ப என்ன எழுதறது?

அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நீங்கள் ஒலிக்கவிட்ட அதே கரோக்கி ஃபைலையும் அனுப்புங்கள், அதே பாட்டின் வேறு வடிவம் பொருந்தாது. மைக்கில் பதிந்த கரோக்கியோடு அதை நேரம் பொருத்தி, மேலே சேர்த்துத் தெளிவைக் கூட்டுவார். மைக்கில் ஏற்கெனவே இருக்கும் கரோக்கியை முழுதாக எடுக்க முடியாது. எனவே குரலை உயர்த்தினால் அந்த மங்கலான இசையும் சேர்ந்து உயரும். குரலுக்கும் இசைக்கும் உள்ள அளவைப் பெரிதாக மாற்ற முடியாது. டேக்குகளை ஒட்டுவதும், கரோக்கி ஒரே வேகத்தில் ஓடுவதால், இங்கே எளிது. ஸ்பீக்கர் எங்கே நின்றது என்று படத்தில் குறித்துவிடுங்கள்.

முதல் மிக்ஸ் வந்தாச்சு. ஹெச்.எம். ஒண்ணு சொல்றாங்க, பெற்றோர் ஒண்ணு சொல்றாங்க. எப்படித் திருத்தம் அனுப்பறது?

எல்லாரும் கேட்டு முடிக்கும்வரை ஒன்றும் அனுப்பாதீர்கள். முரண்பட்ட கருத்துகளை நீங்களே தீர்த்து, ஒருவர் பெயரில், ஒரே மெயிலாக அனுப்புங்கள். கேட்பதற்கு WAV ஃபைலையே பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்வதானால் டாக்குமென்டாக அனுப்பினால்தான் ஒலி மாறாமல் போகும்.

ஒவ்வொரு திருத்தத்திலும் நேரம், குறை, எவ்வளவு முக்கியம் என்ற மூன்றும் இருக்கட்டும்:

> 0:31: எல்லாரும் சேரும் இடத்தில் தனிக்குரல் இன்னும் மேலே நிற்கிறது. இது முக்கியம்.
>
> 1:52: டேக் 4 தொடங்கும் இடத்தில் முதல் எழுத்து வெட்டுப்பட்டது போல இருக்கிறது. இது முக்கியம்.
>
> 2:38 முதல்: இரண்டாம் குரல் நன்றாக வந்திருக்கிறது, மாற்ற வேண்டாம்.
>
> 3:05: "ச" கொஞ்சம் குத்துகிறது. இயன்றால்.

நன்றாக இருப்பதையும் இப்படி எழுதுவது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று நகரும், எதை நகரவிடக் கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் முறை வரும் ஃபைலில் இந்த நேரங்களை மட்டும் கேட்டுவிட்டு ஒப்புதல் சொல்லாமல், முழுப் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.